அண்ணிக்கு எழுதிய பொங்கல் வாழ்த்து

என் கணவரின் அக்காவோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் யாராவது பெரியவர் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்பார்கள். எங்களுக்குள் இருந்தது மரியாதை மட்டும்தான். என் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவர் அவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், ஆனாலும் என்னை "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். போன் செய்தால் "நல்லா இருக்கீங்களா, பசங்க நல்லா படிக்கிறாங்களா, சாப்டாச்சா", அப்புறம் "தம்பி பக்கத்துல இருந்தா குடுங்க". அவ்வளவுதான்.

மாமியார் இருந்தவரை இது உறுத்தவில்லை. அண்ணி கும்பகோணத்தில், நாங்கள் தாம்பரத்தில், அத்தை பாபநாசம் பக்கத்து ஊரில். அண்ணி சொல்ல நினைத்தது அத்தை வழியாக எனக்கு வரும், நான் சொல்ல நினைத்தது அத்தை வழியாக அங்கே போகும். போகிற வழியில் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும் என்று நினைக்கிறேன். அத்தை 2022 அக்டோபரில் தவறிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் பேச ஆள் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் உறவாக இருந்தும், நேரடியாக எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. வீட்டில் மூத்த பெண்மணி போனபிறகு நாத்தனாரும் தம்பி மனைவியும் இப்படி அந்நியமாகிவிடும் குடும்பங்கள் நிறைய. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

2023 நவம்பர் கடைசியில் அண்ணிக்கு ஐம்பது வயது முடிந்தது. இதுதான் சமயம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அம்பதாவது பிறந்தநாள், நல்லா செய், மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சிடுவாங்க என்று. 7,200 ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை வாங்கி கூரியரில் அனுப்பினேன். கும்பகோணத்தில் ஒரு கடையில் 1,350 ரூபாய்க்கு கேக் சொல்லி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தேன். குடும்ப வாட்ஸப் குரூப்பில் பழைய போட்டோக்களைச் சேர்த்து ஒரு படம் போட்டு, கீழே நீளமாக எழுதினேன். அதில் ஒரு வரி, "அத்தைக்கு அப்புறம் எங்களுக்கு நீங்கதான் அம்மா". எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அது கார்த்திகை மாதம். அண்ணியின் மகன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். முட்டை சேர்த்த கேக் வாசற்படியைத் தாண்ட முடியாமல் அப்படியே எதிர்வீட்டுக்குப் போனது. குரூப்பில் அண்ணி "மிக்க நன்றி" என்று இரண்டு சொல் போட்டார். இவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் இதயமும் கைதட்டலும் போட்டார்கள். அண்ணியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு சொல்லும் வரவில்லை. பிப்ரவரியில் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பட்டுப்புடவை, விலைச்சீட்டு எடுக்காமல். 7,450 ரூபாய். என் புடவைக்கு ஈடாகவும், மேலே ஒரு இருநூற்றைம்பதும். மொய் நோட்டுப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. செய்த செய்முறை வட்டியோடு திரும்பி வந்துவிட்டது, கணக்கு முடிந்தது. அந்தப் புடவையைப் பீரோவில் வைத்துவிட்டு அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்படி ஆனது என்று பல மாதம் கழித்துத்தான் புரிந்தது, அதுவும் இவர் வாயைக் கிளறியபோது. முதல் காரணம் என் கணக்கிலேயே இல்லாதது. ஊரில் இருக்கிற வீடு அத்தை பெயரில் இருந்தது. அம்மா பெயரில் இருக்கிற சொத்து, உயில் எழுதாமல் இறந்துபோனால், 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. மாமனார் முன்பே போய்விட்டதால் இவரும் அண்ணியும் மட்டும்தான் வாரிசு. 2023 கடைசியில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் அக்கா தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுத்தோம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். இவருக்கு அந்த எண்ணமே இல்லை, ஆனால் அதை அக்காவிடம் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் பார்த்து தம்பி மனைவியிடமிருந்து பட்டுப்புடவை வருகிறது. அண்ணியின் மாமியார் வீட்டுப் பக்கம் யாரோ "கையெழுத்துக்குப் புடவையா?" என்று கேட்டார்களாம். அண்ணி அப்படி நினைத்தாரோ இல்லையோ, அந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகு அந்தப் புடவையை எப்படிச் சந்தோஷமாகக் கட்டுவார்?

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். சொத்து, நகை, கடன், கையெழுத்து என்று ஏதாவது ஒன்று முடியாமல் நிற்கிறது என்றால், அது முடிகிறவரை அன்பு பொங்க எதுவும் அனுப்பாதீர்கள். வழக்கமாக அனுப்புவதை அனுப்பினால் போதும். நீங்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அது அந்தக் காகிதத்தோடு சேர்த்துத்தான் படிக்கப்படும். நாங்கள் 2024 நடுவில் இருவர் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொண்டோம். அதற்கு முன் எந்த வாழ்த்தும் எடுபட்டிருக்காது.

இரண்டாவது காரணம் அந்த அம்மா வரி. பெற்ற அம்மா போய் ஒரு வருடம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "அம்மா இடத்துல என்னை உக்கார வைக்க வேணாம்னு சொல்லு" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு அம்மா இல்லை என்பதைப் பிறந்தநாள் அன்று, முப்பது பேர் பார்க்கிற இடத்தில் நினைவூட்டியது போல ஆகிவிட்டது. அதோடு, அம்மா மாதிரி என்று சொல்லிவிட்டால் அம்மா மாதிரி நடந்துகொள்ள வேண்டிய பாரமும் தலையில் ஏறுகிறது. மூன்று கேள்விக்கு மேல் பேசியிராத இருவருக்கு நடுவில் "நீங்க எனக்கு அக்கா மாதிரி, அம்மா மாதிரி" என்பது இல்லாத நெருக்கத்துக்கு ரசீது போடுவதுதான். எதிரில் இருப்பவர் ஒன்று பொய்யாகத் தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் ஒதுங்க வேண்டும். பெரும்பாலோர் ஒதுங்கிவிடுவார்கள்.

2025 பொங்கல் வந்தது. பொங்கல் சீர் என்பது பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போவது. அத்தை இருந்தபோது அவர் கையால் போனது, இப்போது நான் கட்டி அனுப்ப வேண்டும். அதில் நான் எதையும் கூட்டவில்லை. அத்தை என்ன வைப்பாரோ அதையேதான் வைத்தேன்: பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய், முந்திரி திராட்சை, தேங்காய், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு நூல் புடவை, வெற்றிலை பாக்கில் வைத்து 1,001 ரூபாய். இவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். சீரைக் கூட்டினாலும் பேச்சு வரும், குறைத்தாலும் பேச்சு வரும், அதனால் பழைய அளவே நல்லது. முக்கியமாக, சீர் தம்பி பெயரில் போகட்டும். அதற்குள் என் வாழ்த்தைச் சொருகவில்லை. சீர் உரிமை, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாழ்த்து நான் தனியாக நீட்டுகிற கை. இரண்டையும் கலந்தால் "சீர் வந்துச்சு, நன்றி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வாழ்த்தை எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது இதுதான்: "அன்புள்ள அண்ணிக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் எங்களின் இதயங்கனிந்த பொங்கல் நல்வாழ்த்துகள். இல்லம் செழிக்க, உள்ளம் மகிழ..." இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை நான் பால்காரருக்கும் அனுப்பலாம், அப்பார்ட்மெண்ட் செயலாளருக்கும் அனுப்பலாம். இதற்கு அண்ணியால் "உங்களுக்கும்" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். பதிலுக்கு வேறு வழியே விடாத வாழ்த்து. அடுத்து எழுதியதில் "ரொம்ப நாளா உங்ககிட்ட பேசணும்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்தேன். அதைப் படித்தால் யாருக்கும் வயிற்றில் கலக்கம்தான் வரும், ஏதோ பஞ்சாயத்து வருகிறது என்று. அதையும் அழித்தேன்.

யோசித்துப் பார்த்தால் அண்ணிக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது ஒன்று நிஜமாகவே இருந்தது. பொங்கலுக்கு அத்தை வைக்கிற ஏழுகாய்க் குழம்பு. பரங்கி, பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, அவரை, பச்சை மொச்சை எல்லாம் போட்டு, புளி கரைத்து, மல்லி மிளகாய் தேங்காய் வறுத்து அரைத்து விடுவார். அதுவரை எனக்குத் தெரியும். இறக்குகிற நேரத்தில் ஏதோ ஒரு பொடியைத் தூவுவார், அதற்குப் பிறகுதான் அந்த வாசனை வரும். இவரைக் கேட்டால் சாப்பிடத் தெரியும் என்றார். அதனால் இப்படி எழுதினேன்:

"அண்ணி, பொங்கல் வாழ்த்துகள். அத்தை பொங்கல் குழம்புல கடைசியா ஒரு பொடி தூவுவாங்களே, அது என்னன்னு எனக்குத் தெரியலை, இவருக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா நேரம் கிடைக்கறப்ப சொல்லுங்க. இந்த வருஷம் வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான். அத்தையை இழுத்தேன், ஆனால் துக்கமாக இல்லை, அடுப்படியில் நிற்கிற ஆளாக. கேட்டது ஒரே ஒரு விஷயம், ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. தெரியாது என்று சொல்லவும் இடம் இருக்கிறது, தாமதமாகச் சொல்லவும் இடம் இருக்கிறது. பதிலுக்கு அவர் பைசா செலவழிக்க வேண்டியதில்லை. கேட்கிறது உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். யூடியூபில் கிடைக்கிற ரவா லட்டுக்கு நாத்தனாரிடம் செய்முறை கேட்டால், பேச்சுக்குக் கேட்கிறாள் என்று அடுத்த நொடி தெரிந்துவிடும். சமையல்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. குலதெய்வத்துக்கு எந்தக் கிழமை விசேஷம், சின்ன வயதில் உங்கள் தம்பிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பழைய போட்டோவில் பின்னால் நிற்பது யார், எதுவானாலும் சரி. ஆனால் அவருடைய கணவர் வேலை, பிள்ளை வரன், உடம்பு இவற்றைத் தொடவே கூடாது. அவை நெருக்கம் வந்த பிறகு தானாக வரும் பேச்சு.

அனுப்பிய நேரமும் யோசித்துத்தான். பொங்கல் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. பொங்கல் அன்று காலையில் அனுப்பினால் கரும்பும் பானையும் போட்ட நூறு பார்வர்டுக்கு நடுவில் என்னுடையதும் ஒன்றாகப் போய்விடும். தவிர, அன்று காலை கும்பகோணத்து வீட்டில் கோலம், பானை, படையல் என்று அவருக்குப் போனைப் பார்க்க நேரம் இருக்காது. அதனால் போகிக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல், சாப்பாட்டுக் கடை முடிந்து கொஞ்சம் சாய்கிற நேரத்தில் அனுப்பினேன். காய் வாங்குவதற்கு முன் கேட்டால்தான் கேள்விக்கும் அர்த்தம் இருக்கும்.

தனியாக அவருக்கு மட்டும் அனுப்பினேன், குரூப்பில் இல்லை. குரூப்பில் கேட்டால் சித்தி பதில் சொல்லிவிடுவார், மூன்று பேர் மூன்று பொடி சொல்வார்கள். குரல் பதிவாகப் போடலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன். கூட்டுக் குடும்பத்தில் போன் கூடத்து மேசையில் கிடக்கும், பையன் எடுத்துச் சத்தமாகப் போட்டுவிடுவான், அவருடைய மாமியார் கேட்பார். எழுத்தையும் யாராவது படிக்கலாம்தான், அதனால் யார் படித்தாலும் அண்ணிக்குச் சங்கடம் வராத மாதிரிதான் எழுதினேன். இன்னொன்று, இவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அன்று மாலையே "அக்கா, அவ ஏதோ மெசேஜ் போட்டிருக்காளாமே, பாத்தியா?" என்று கேட்டிருப்பார். நல்ல மனுஷர், ஆனால் அந்த ஒரு கேள்வியில் என் வாழ்த்து ஹோம்வொர்க் ஆகியிருக்கும்.

நீல டிக் அன்றைக்கே வந்துவிட்டது. பதில் வரவில்லை. அந்த இரவு நான் பட்ட பாடு சிரிப்பாக இருக்கும், போனை எத்தனை முறை புரட்டினேன் என்று கணக்கில்லை. பீரோவில் இருந்த புடவை வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. போன் செய்து "பாத்தீங்களா அண்ணி" என்று கேட்கக் கை பரபரத்தது. கேட்காமல் இருந்தேன், அதற்கு என்னை நானே பாராட்டிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வந்தது. "எள்ளு. ரெண்டு ஸ்பூன், வெறும் வாணலியில வறுக்கணும், படபடன்னு வெடிக்கறப்ப எடுத்துடணும். கூட ஒரு ஸ்பூன் பச்சரிசி செவக்க வறுத்து சேத்து பொடிக்கணும். அம்மா இதை யார்கிட்டயும் சொல்லாது." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அங்க பச்சை மொச்சை கிடைக்குதா?"

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பொங்கல். பத்து வருடத்தில், சாப்பிட்டாச்சா என்பதைத் தவிர அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. உங்கள் வாழ்த்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள நன்றியின் அளவைப் பார்க்காதீர்கள், இதயக் குறியை எண்ணாதீர்கள். வழக்கமான மூன்று கேள்விக்கு வெளியே திருப்பி ஏதாவது கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் கதவு திறந்திருக்கிறது. கேட்காமல் பதில் மட்டும் சொன்னாலும் கவலை இல்லை, "சரிங்க அண்ணி, செஞ்சு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தர்ப்பத்துக்கு விட்டுவிடலாம்.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். தாம்பரம் மார்க்கெட்டில் மொச்சை கிடைக்கிறது, உரித்தது விலை ஜாஸ்தி, உரிக்காதது வாங்கி நானே உரிக்கிறேன் என்று. உருகி உருகி நன்றி சொல்லவில்லை, அந்தக் குறிப்பைக் குரூப்பில் "அண்ணி ஸ்பெஷல்" என்று போடவும் இல்லை. அத்தை யாரிடமும் சொல்லாததை எனக்குச் சொன்னதை ஊர் முழுக்கப் பரப்பினால் அடுத்த முறை எதுவும் வராது. பொங்கல் அன்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பினேன், போட்டோ இல்லாமல்: "வாசனை வந்துடுச்சு அண்ணி, ஆனா குழம்பு தண்ணியா போச்சு." நிஜமாகவே தண்ணீராகத்தான் போயிருந்தது. நன்றாக வந்தது என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பத்து நிமிடத்தில் பதில்: "பரங்கியும் பூசணியும் தண்ணி விடும். கிழங்கெல்லாம் பாதி வெந்தப்புறம் கடைசில போடும்மா."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். போனில் இன்னமும் முதலில் அந்த மூன்று கேள்விதான். கல்யாண வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவருக்கும் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒரு பாதை விழுந்திருக்கிறது. நானும் அவசரப்படவில்லை. தினமும் குட்மார்னிங் போடுவதில்லை, ஒரு விஷயம் நிஜமாக இருந்தால் மட்டும் எழுதுகிறேன். அத்தையின் திதிக்கு முன்னால் என்னென்ன காய் சேர்க்கக்கூடாது என்று நான் கேட்டேன். கோடையில் அவராகவே வெங்காய வடகம் கொடுத்தனுப்பினார். பார்சலைப் பிரித்ததும் எனக்குப் பழைய பயம் வந்தது, பதிலுக்கு என்ன அனுப்புவது, எவ்வளவுக்கு அனுப்புவது என்று. எதுவும் அனுப்பவில்லை. வடகத்தை வறுத்துக் கொட்டி மோர்க்குழம்பு வைத்தோம் என்று எழுதினேன். "உப்பு ஜாஸ்தியா இருந்திருக்குமே" என்று பதில் வந்தது. ஆமாம் அண்ணி, கொஞ்சம் ஜாஸ்திதான் என்றேன்.